ஒற்றைக் குரலும் ஒரு மெஹ்ஃபிலும்

கொச்சி யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மலையாளப் பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நோட்டில் சொல் உண்டு, மெட்டு கிடையாது. மெட்டு பாடுகிறவர்களின் தொண்டையில்தான் இருந்தது. 1950களில் மட்டாஞ்சேரியையும் சுற்றுப்புறத்தையும் விட்டுப் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது மெட்டும் கூடவே போனது. பிற்பாடு ஆய்வாளர்கள் தேடிப்போய் அந்தப் பெண்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004இல் அவற்றை ஒரு குறுந்தட்டாகவும் வெளியிட்டது.

அதே மட்டாஞ்சேரிக்கு இன்னொரு இசையும் உண்டு. ஆர்மோனியமும் தபேலாவும் சூழ விடிய விடிய நடக்கும் மெஹ்ஃபில். மெஹ்பூப் (1926–1981) பாடியதும், 2018இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயி பாடியதும் இந்த மரபில்தான். இந்த இரண்டு வகைப் பதிவுகளையும் ஒரே கணினியில் போட்டு, “இதிலுள்ள மெட்டை ஸ்வரமாக எழுதிக் கொடு” என்று கேட்டால், முதலாவதற்கு அநேகமாக உருப்படியான விடை வரும். இரண்டாவதற்கு வருவது குப்பை. இத்தனைக்கும் மனிதக் காதுக்கு இரண்டாவதுதான் கேட்கச் சுகமானது.

பக்கவாத்தியம் இல்லாத குரலிலிருந்து தொடங்கலாம். ஒன்றரைக் கட்டையில் ஸட்ஜம் பிடிக்கும் ஓர் ஆண் குரல் விநாடிக்கு ஏறக்குறைய 138.6 தடவை அதிர்கிறது. கணினிப் பதிவு என்பது விநாடிக்கு 44,100 எண்கள் கொண்ட நீண்ட வரிசை. அப்படியானால் குரலின் ஓர் அதிர்வு 318 எண்களில் முடிந்து, கிட்டத்தட்ட அதே வடிவில் மறுபடி தொடங்கும். மென்பொருள் செய்வது ரொம்ப எளிமையான வேலை. வரிசையைப் பிரதி எடுத்து மூலத்தின் மேல் வைத்து, பிரதியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது. 318 எண்கள் நகர்ந்ததும் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. 44,100ஐ 318ஆல் வகுத்தால் சுருதி கிடைத்துவிடும். பாடுகிறவர் யார், மொழி என்ன, ராகம் என்ன என்று எதுவுமே தெரிய வேண்டியதில்லை. அலை திரும்ப வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 318இல் பொருந்துவது 636இலும் பொருந்தும். அதை நம்பினால் ஸட்ஜம் ஒரு ஸ்தாயி கீழே விழுந்துவிடும். 2002இல் வெளியான ‘யின்’ என்ற முறை, போதுமான அளவு பொருந்துகிற முதல் இடத்திலேயே நின்றுகொள்ளும்படி செய்து இந்தப் பிழையைப் பெருமளவு குறைத்தது. அதன் வாரிசான ‘பியின்’ பல விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் ஸ்வரங்களோடு இழைந்துவரும் விடையைத் தேர்ந்தெடுக்கிறது. இன்றைக்கும் தப்பிவரும் பிழைகளைக் கண்டுபிடிப்பது சுலபம். மெட்டு திடீரென்று சரியாகப் பன்னிரண்டு அரைஸ்வரம் குதித்து உடனே திரும்பினால், பெரும்பாலும் குதித்தது மென்பொருள்தான்.

இப்படிக் கிடைப்பது ஒரு வளைகோடு. அதை மிடியாக்க ஒரு சூத்திரம் போதும்:

```
m = 69 + 12 × log2(f / 440)
```

f என்ற இடத்தில் 138.6 போட்டால் விடை 49. மிடியில் ஒவ்வொரு அரைஸ்வரத்துக்கும் ஓர் எண், 0 முதல் 127 வரை. 1983இல் வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்த ஏற்பாடு இது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்பதுதான் அதற்குத் தெரியும். நம் பாட்டோ கட்டைகளுக்கு நடுவில் வாழ்வது. தோடியின் காந்தாரத்தை அப்படியே இந்தச் சூத்திரத்துக்குள் தள்ளினால், ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஆடும் அசைவு துண்டு துண்டான பத்துப் பன்னிரண்டு ஸ்வரங்களாகச் சிதறும். 1904இல் வந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுப்பராம தீட்சிதர் ஸ்வரத்தை எழுதி அதன் மேல் கமகக் குறியும் போட்டார். மிடியில் அதற்கு ஈடாக இருப்பது சுருதியை வளைக்கும் தனிச் செய்தி. வழக்கமாக அது மேலும் கீழும் இரண்டு அரைஸ்வரத்துக்குத்தான் வளையும். ஸட்ஜத்திலிருந்து மத்தியமத்துக்கு இழுக்கும் மீண்ட் ஐந்து அரைஸ்வரம் என்பதால், அந்த எல்லையை முன்கூட்டியே பன்னிரண்டாக விரித்து வைக்க வேண்டும். மறந்தால் மீண்ட் பாதி வழியில் நின்றுவிடும்.

எழுத்தாக்கும் வேலையில் இவையெல்லாம் தொல்லைகள், ஆனால் கையாளக்கூடியவை. யூதப் பெண்களின் பாட்டு போல ஒரே மெட்டைச் சிலர் சேர்ந்து பாடினாலும், கோடு சற்றுத் தடிக்குமே தவிர அறுந்துபோகாது.

மெஹ்ஃபிலில் விஷயம் வேறு. பாடகர் 138.6இல் ஸட்ஜத்தில் நிற்கிறார். ஆர்மோனியக்காரர் பஞ்சமத்தை அழுத்துகிறார், 207.65. எந்தக் குரலும் எந்த வாத்தியமும் ஒற்றை அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள் கூடவே வரும். ஸட்ஜத்தின் மூன்று மடங்கு 415.8. பஞ்சமத்தின் இரண்டு மடங்கு 415.3. ஸட்ஜத்தின் ஆறு மடங்கு 831.6, பஞ்சமத்தின் நான்கு மடங்கு 830.6. பஞ்சமம் இனிப்பதற்குக் காரணமே இந்தப் பொருத்தம்தான். அதே பொருத்தம் கணினிக்கு வினையாகிறது. 415இல் இருக்கும் ஒலியில் குரலின் பங்கு எவ்வளவு, ஆர்மோனியத்தின் பங்கு எவ்வளவு என்று பதிவில் எங்கும் எழுதியில்லை. இரண்டும் கூட்டப்பட்டு ஒரே எண்ணாகிவிட்டன. பன்னிரண்டு என்ற விடையை மட்டும் கொடுத்து, அது ஐந்தும் ஏழுமா, எட்டும் நாலுமா என்று கேட்பதற்குச் சமம்.

ஒற்றைக் குரலுக்கு எழுதிய மென்பொருளை இந்த இடத்தில் ஓடவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். குரலும் ஆர்மோனியமும் சேர்ந்த அலை 318 எண்களில் திரும்புவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக 636 எண்களில்தான் திரும்புகிறது. ஆகவே மென்பொருள் 69.3 ஹெர்ட்ஸில் ஒரு ஸ்வரம் இருப்பதாகச் சாதிக்கும். மிடி எண் 37. பாடகரும் பாடவில்லை, ஆர்மோனியமும் வாசிக்கவில்லை, ஆனால் தாளில் ஒரு மந்தர ஸட்ஜம் உட்கார்ந்திருக்கும். ஆர்மோனியம் ஓய்ந்ததும் அதுவும் மறையும். இந்தப் பேய் ஸ்வரத்தை அடையாளம் காண அதுவே நல்ல குறி.

சரி, அலை திரும்புவதைப் பார்க்காமல் ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனியாகப் பிரித்துவிடலாமே என்றால், அங்கே நேரம் குறுக்கே நிற்கிறது. ஒற்றைக் குரலின் சுருதி தெரிய இரண்டு மூன்று அதிர்வுகள் போதும், அதாவது விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் ஒரே சமயத்தில் ஒலிக்கும் 138.6ஐயும் அடுத்த கட்டையான 146.8ஐயும் பிரித்தறிய, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 8.2ஆல் ஒரு விநாடியை வகுத்தால் வருகிற நேரமாவது கேட்டாக வேண்டும். அது சுமார் 0.12 விநாடி. துரிதமான தானில் விநாடிக்கு எட்டு ஸ்வரம் ஓடினால் ஒரு ஸ்வரத்தின் முழு ஆயுளே அவ்வளவுதான். எது ஒலிக்கிறது என்று முடிவு கட்டுவதற்குள் அடுத்தது வந்துவிடும். கூர்மையாகப் பிரிக்க நீளமாகக் கேட்க வேண்டும். நீளமாகக் கேட்டால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலக்கும். நல்ல மைக் வாங்கினாலும், வேகமான கணினி வாங்கினாலும் மாறாத கணக்கு இது.

தபேலாவையாவது வெறும் ஓசை என்று ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் ஒழுங்கற்றவை, சுருதி சேராது. ஆனால் மிருதங்கத்திலும் தபேலாவிலும் நடுவில் அப்பும் கருஞ்சாந்து அந்த மேற்சுரங்களை இழுத்து ஒழுங்கு வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது என்பதை சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். ஆக வலந்தலை உண்மையிலேயே பாடுகிறது. பாடுவது வேறெதையுமல்ல, பாடகரின் சுருதியையே. அதற்குத்தானே சுத்தியலால் தட்டித் தட்டிச் சேர்க்கிறார்கள். மென்பொருளின் தாளில் தாளம் தவறாமல் குட்டைக் குட்டையாக ஒரே ஸ்வரம் வரிசைகட்டினால் அது தபேலா.

போதாக்குறைக்கு, கஜலில் ஆர்மோனியக்காரர் பாடகரின் மெட்டையே நிழலாகப் பின்தொடர்வார். பாடகர் வளைத்து ஏறுகிற இடத்தில் கட்டை மாறி ஏறுவார், அதுவும் இம்மி பிந்தி. ஒரே மெட்டு, இரண்டு சாயல், இரண்டு நேரம். மேற்கத்திய பேண்டில் பேஸ் கிட்டார் கீழேயும் பாட்டு மேலேயும் தனித்தனி வீட்டில் குடியிருக்கும். மெஹ்ஃபிலில் எல்லோரும் ஒரே அறையில். என் கணிப்பில், ஒரு பெரிய ராக் பேண்டைவிட நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மெஹ்ஃபில் கணினிக்குக் கடினம்.

பல ஸ்வரம் ஒன்றாக ஒலிப்பதை எழுதும் வேலையில் கணினி உண்மையாகவே வென்ற இடம் பியானோ. அங்கே ஒவ்வொரு ஸ்வரமும் சுத்தியல் அடியோடு ‘டக்’கென்று தொடங்கும், பிறகு தேயத்தான் செய்யும். தவிரவும் கற்றுக்கொடுக்கச் சரியான விடைத்தாள் இருந்தது. 2018இல் வெளியான ‘மேஸ்ட்ரோ’ என்ற தொகுப்பில் ஏறக்குறைய 200 மணி நேரப் போட்டி வாசிப்பு உண்டு. கட்டை அழுத்தப்படுவதைத் தானே குறித்துக்கொள்ளும் பியானோ என்பதால், ஒலியும் மிடியும் சுமார் மூன்று மில்லிவிநாடிக்குள் பொருந்தும். ஆர்மோனியத்தில் காற்று மெதுவாகத்தான் ரீடை எழுப்புகிறது, தொடக்க அடி கிடையாது. மெஹ்ஃபிலுக்கு அந்த அளவில் விடைத்தாளும் கிடையாது.

ஆகவே பழைய மெஹ்ஃபில் கேசட்டை எழுத்தாக்க உட்காருகிறவர்கள் கைவேலையையும் மென்பொருளையும் கலந்துதான் செய்ய வேண்டியிருக்கிறது. குரலைப் பிரிக்கும் மென்பொருளில் முதலில் பாட்டை ஓட்டுவது. அதில் தபேலா பெரும்பாலும் விலகும், ஆர்மோனியம் குரலோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். பிறகு பியின் தருகிற கோட்டை, மெதுவாக ஓடும் பாட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துவது. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் டேப்பின் வேகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று சதவீதம் வேகமாக ஓடிய டேப்பில் சுருதி அரைஸ்வரத்தில் பாதி ஏறியிருக்கும். அப்போது ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு மிடி எண்களுக்கு நட்டநடுவே தொங்கும். ஒரே நிஷாதம் ஒரு வரியில் மேல் எண்ணுக்கும் அடுத்த வரியில் கீழ் எண்ணுக்கும் சாயும். தாளைப் பார்த்தால் பாடகர் ராகத்தை மாற்றிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். இந்த ஓரிடத்தில் ஆர்மோனியம் உதவிக்கு வருகிறது. பாடகர் மூச்சு வாங்கும்போது அது தனியாக நிற்கும் ஸ்வரம் வளையாது, நெளியாது. அதை அளந்து, பக்கத்துக் கட்டைக்குச் சரியாக வரும்வரை பதிவின் வேகத்தைக் குறைத்த பிறகுதான் குரலைத் தொட வேண்டும்.