வரம்பு எந்தக் கதவைப் பூட்டுகிறது?

பிரிட்டனில் உரிமம் பெற்ற சூதாட்டத் தளங்களில் பணம் போடுவதற்கு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அதுவே நஷ்டத்துக்கும் வரம்பு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு.

ஒருவர் மாதம் 40 பவுண்டுக்கு மேல் போடக் கூடாது என்று வைத்திருக்கிறார். போன மாதம் ஜெயித்த 200 பவுண்டு கணக்கிலேயே கிடக்கிறது. இந்த மாதம் புதிதாக ஒரு காசும் போடாமலே அந்த 200-ஐயும் ஒரே இரவில் தொலைக்கலாம். வரம்பு வாயே திறக்காது, அது வாசலில் நுழையும் பணத்தை மட்டும் எண்ணுகிறது. நஷ்ட வரம்பும் 40 என்றிருந்தால், நிகர இழப்பு 40-ஐத் தொட்டதும் ஆட்டம் நிற்கும். அதனால் இரண்டையும் வையுங்கள், ஜெயித்ததை உடனே வங்கிக்கு மாற்றுங்கள்.

தொகையை ஆடும் நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். வாடகை, மளிகை, கடன் தவணை போக மிஞ்சுவதில், முழுசாகப் போனாலும் வீட்டில் யாருக்கும் தெரியாத அளவுதான் வரம்பு. வரம்பைக் குறைத்தால் உடனே அமலாகும். கூட்டினால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கூட்டக் கை துடிப்பதே ஆபத்தின் அறிகுறி.

நேர நினைவூட்டல் வெறும் தட்டி எழுப்பல்தான், 'தொடர்க' அழுத்தினால் போய்விடும். 20 நிமிடத்துக்கு வைத்து, வந்ததும் எழுந்துவிடுங்கள்.

இந்த வரம்புகள் அந்தந்தத் தளத்தோடு சரி. மூன்று தளங்களில் கணக்கிருந்தால் 40 என்பது 120 ஆகிவிடும். எல்லாவற்றையும் சேர்த்து அடைக்க, கேம்ஸ்டாப்பில் பதிவு செய்யலாம்.