விலையை உடைப்பவருக்குச் சரக்கு எங்கிருந்து போகிறது?

நாகர்கோவிலில் எங்கள் குழுவின் மரச்செக்குத் தேங்காய் எண்ணெயை விற்கிற கடைக்கார அண்ணாச்சி ஒருநாள் காலையிலேயே போன் செய்தார். "சார், ஒங்க எண்ணெய் லிட்டர் 425 ரூவாய்க்கு ஆன்லைன்ல கெடக்கு. எனக்கு நீங்க தாறதே 400-க்கு. நான் என்னத்துக்கு விக்கணும்?"

பாட்டிலில் அச்சிட்ட அதிகபட்ச விலை 500 ரூபாய். அதே தளத்தில் நாங்கள் போட்டிருந்தது 480. ஒரே பொருளுக்குப் பலர் விலை போடும்போது பெரும்பாலும் குறைந்த விலைக்காரரைத்தான் தளம் முன்னால் நிறுத்தும். எங்கள் படம், எங்கள் பெயர், ஆனால் விற்பவர் யாரோ ஒருவர். 'நாமும் 425 போடுவோம்' என்றார்கள் குழுவில் சிலர். போட்டால் அந்த ஆள் 415 போடுவார். 400-க்கு வாங்கிய கடைகள் ஒவ்வொன்றாக நம்மை விட்டுப் போகும்.

வங்கியில் இருந்தபோது, கொடுத்த கடன் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது என் வேலை. இங்கேயும் அதையே செய்தேன். அந்த விற்பனையாளரிடமே ஒரு பாட்டில் வாங்கினேன். மூடி, லேபிள் எல்லாம் நம்முடையதுதான், போலி இல்லை. தொகுதி எண்ணையும் பொதிந்த தேதியையும் விற்பனைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். அந்தத் தொகுதி மூன்று பேருக்குப் போயிருந்தது. இரண்டு கடைகள் ஆளுக்கு ஒரு பெட்டி எடுத்திருந்தன. மூன்றாமவர் ஒரு மொத்த வியாபாரி, பத்துப் பெட்டி, அதாவது 120 பாட்டில். பத்துப் பெட்டி எடுத்தால் கூடுதலாகப் பத்து சதவீதம் கழிவு என்று நாங்களே அறிவித்திருந்தோம். அவருக்குப் பாட்டில் 360 ரூபாய்க்குப் போயிருந்தது. கழிவுக்கு ஆசைப்பட்டு எடுத்தவர், விற்றது போக மீதியை ஆன்லைன்காரர் ஒருவரிடம் தள்ளிவிட்டிருந்தார்.

ஆக, விலையை உடைத்தது நம்ம கழிவுதான்.

அந்த ஆன்லைன்காரர் மேல் புகார் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதுதான் குற்றம், கீழே விற்பது குற்றமில்லை. முறையாக வாங்கிய சரக்கை மறுபடி விற்க, 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும் இடம் தருகிறது. தொகுதி எண்ணை அழித்தோ, எண்ணெயை வேறு பாட்டிலுக்கு மாற்றியோ விற்றால்தான் சின்னத்தின் உரிமையாளர் என்ற முறையில் நாம் தடுக்க வழி உண்டு. நல்ல சரக்கைப் 'போலி' என்று புகார் செய்தால் அது பொய்ப்புகார். நம் கையில் இருப்பது ஒன்றுதான்: அடுத்த பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்கிற முடிவு.

அதனால் 'குறைந்தபட்ச விளம்பர விலை' என்று ஒன்றை வைத்தோம். கடைக்காரர் வாங்குவது 400. வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாம் சேர்த்தால் பாட்டிலுக்கு 40, 50 ரூபாய் ஆகிவிடும் என்று மூன்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அதனால் 450 என்று முடிவு செய்தோம். 500 என்றே வைத்தால் பண்டிகைச் சலுகைக்குக்கூட இடமிருக்காது, ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு பக்கக் கடிதம் போனது. '450-க்குக் கீழே விளம்பரம் செய்பவருக்கு அடுத்த முறை சரக்கு இல்லை. கடைக்குள் வாடிக்கையாளருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம்.' அவ்வளவுதான். அபராதம் கிடையாது, யாரிடமும் கையெழுத்தும் வாங்கவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. மறுவிற்பனை விலையை ஒப்பந்தம் போட்டுக் கட்டுப்படுத்தி, அது சந்தைப் போட்டியைக் கணிசமாகப் பாதித்தால் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டப்படி தவறு. முகவர்கள் தள்ளுபடி கொடுப்பதைக் கட்டுப்படுத்தியதாக 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகிக்குப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. நம்ம மாதிரிச் சிறு குழுவால் சந்தை அசையாதுதான். ஆனாலும் ஆன்லைனில் விளம்பர விலையும் விற்கும் விலையும் ஒன்றேதான், அதனால் அங்கே இந்தக் கோடு மெல்லியது. கடிதத்தை அனுப்புமுன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். பக்கத்துச் செக்குக் குழுவோடு சேர்ந்து 'எல்லாரும் இந்த விலைதான்' என்று பேசி வைப்பது இதைவிடப் பெரிய வம்பு. அதில் இறங்காதீர்கள்.

கடிதத்தைவிட அதிகம் வேலை செய்தவை வேறு இரண்டு. ஒன்று, பத்துப் பெட்டிக் கழிவை நிறுத்தினோம். ஒரு பெட்டிக்கும் பத்துப் பெட்டிக்கும் இப்போது ஒரே விலை. மற்றது, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண். உள்ளே இருக்கிற 12 பாட்டிலிலும் அந்த எண்ணை எழுதுகிறோம். எந்தப் பாட்டிலும் யார் கை வழியாகப் போனது என்று பதிவேடு சொல்லிவிடும்.

மொத்த வியாபாரியோடு சண்டை போடவில்லை. மீதமிருந்த 31 பாட்டிலை அவர் கொடுத்த 360-க்கே திருப்பி எடுத்துக்கொண்டோம். ஆன்லைன்காரர் கையில் இருந்தது தீர்ந்ததும் 425 தானாக மறைந்தது. இதில் நட்டமும் உண்டு: அந்த வியாபாரி இப்போது இரண்டு பெட்டிக்கு மேல் எடுப்பதில்லை.

போன மாதம் ஒருவர் 430 போட்டிருந்தார். பார்த்தால் மூன்றே பாட்டில், தேதி முடியப் போகிற பழைய சரக்கு. விட்டுவிட்டோம். சரக்குத் தீராமல் வாரக்கணக்கில் விலை கீழேயே நின்றால்தான் எங்கோ ஒரு வாய்க்கால் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது பதிவேட்டை எடுங்கள்.