கறுத்த அலுமினியச் சட்டி

தக்காளி, புளி ஆகியவற்றின் அமிலம் அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை அரிக்கிறது. புளிக்குழம்பை இரவு முழுவதும் சட்டியிலேயே விட்டால் அரிப்பு கூடும். அப்படி வெளிப்பட்ட உலோகம் உப்புத்தண்ணீர் பட்டதும் எளிதில் கறுக்கும்.

கறையைப் போக்க, எண்ணெய்ப் பிசுக்கு நீங்கச் சட்டியைக் கழுவி, கறை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கறுப்பு கரையும். ஆறியபின் தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்து, அலசி, ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

சோடா உப்பு காரத்தன்மை உள்ளது. அது கறுப்பைக் கூட்டும். விரல் நுனிக்குத் தட்டுப்படும் சிறு குழிகள் அரிப்பின் அடையாளம்; எவ்வளவு தேய்த்தாலும் அவை மறையா. குழி விழுந்த சட்டியில் புளிப்பு சமைக்கக் கூடாது.