மாவு விற்கலாமா? பெரிய கிரைண்டர் வாங்கும் முன் ஒரு மாதம்

வீட்டிலிருந்தே இட்லி, தோசை மாவு அரைத்து விற்கலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. கையில் எண்பதாயிரம் சேமிப்பு இருக்கிறது. பத்து லிட்டர் சாய்க்கும் கிரைண்டர், தனியாக ஒரு பிரிட்ஜ், கவர் ஒட்டும் மிஷின் என்று மனதுக்குள் பட்டியலும் போட்டாயிற்று. அந்தப் பட்டியலை ஒரு மாதம் மடித்து வையுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரையே வைத்து, நாலாயிரம் ரூபாய்க்குள் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது.

சோதிக்க என்ன இருக்கிறது, மாவு விற்காமலா போகும் என்று நீங்கள் கேட்கலாம். விற்கும். ஆனால் விற்கிற மாவில் உங்கள் கையில் என்ன நிற்கிறது, வாங்கியவர் மறுபடி வருகிறாரா, தினமும் இத்தனை வேலையை உங்கள் உடம்பு தாங்குமா என்பதெல்லாம் அரைத்து விற்றுப் பார்த்தால்தான் தெரியும். மிஷின் வாங்கிய பிறகு தெரிந்துகொண்டால் அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டி வரும்.

ஒரு கிலோ மாவுக்கு என்ன செலவு?

ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. ஊறிய தண்ணீரும் அரைக்கும்போது விடும் தண்ணீரும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். உங்கள் அரிசிக்கும் பதத்துக்கும் இது மாறும், அதனால் முதல் தடவை எடை போட்டுக்கொள்ளுங்கள். அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சாமானுக்கு 87 ரூபாய் ஆகிறது. கிலோவுக்கு 29. கவருக்கு 3, கரண்டுக்கு 1 சேர்த்தால் 33 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த 33 ரூபாயிலிருந்துதான் கிளம்புகிறது.

கிலோ 50 ரூபாய்க்குக் கொடுத்தால் 17 ரூபாய் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் உங்கள் கூலி இன்னும் சேரவில்லை என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

தொடங்கும் முன் என்ன வேண்டும்?

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்து விற்றாலும் இது கட்டாயம். சிறு தொழிலுக்கான பதிவுக் கட்டணம் குறைவுதான், இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கவரில் எடை, அரைத்த தேதி, உங்கள் பெயர், முகவரியோடு போட வேண்டும். சோதனைதானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். எண் இல்லாத பாக்கெட்டைக் கடைக்காரர் பலர் வாங்கவே மாட்டார்கள், அப்புறம் சோதனையே பாதியில் நின்றுவிடும். விற்பனைக்கு எடை போடும் தராசு முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். வீட்டுக் கரண்டில் தொழில் செய்தால் கட்டண வகை மாறுமா என்று பகுதி மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அரிசியைச் சிப்பமாக வாங்காதீர்கள். மொத்தமாக எடுத்தால் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறையும் என்பது உண்மை. ஆனால் வேறு அரிசியில் இட்லி இன்னும் பூவாக வருகிறது என்று இரண்டாம் வாரம் தெரியவந்தால் மிச்சமிருக்கும் இருபது கிலோவை என்ன செய்வீர்கள்? ஐந்து ஐந்து கிலோவாக வாங்குங்கள். விற்ற காசில் அடுத்த ஐந்து கிலோ.

யாரிடம் விற்றுப் பார்ப்பது?

முதல் வாரம் தெரிந்தவர்களிடம் விற்கலாம். முழு விலைக்கு விற்க வேண்டும், இலவசமாகக் கொடுத்துப் பார்க்கச் சொல்லக் கூடாது. சும்மா கிடைத்த மாவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "சூப்பரா இருக்கும்மா, கடையே வெச்சுடலாம்" என்பார் எதிர்வீட்டு அக்கா. அது அன்பு. அதைக் கணக்கில் எழுத முடியாது. அவரே அடுத்த வாரம் 50 ரூபாயை நீட்டி ஒரு கிலோ கேட்டால் எழுதலாம்.

இரண்டாம் வாரம் முகம் தெரியாதவர்களிடம் போக வேண்டும். பக்கத்துத் தெரு, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு, பள்ளி வாசலில் பார்க்கும் பெற்றோர். முதல் நாள் இரவே ஆர்டர் வாங்கிவிடுங்கள். காலையில் ஊறவைத்து, மதியம் அரைத்து, மாலை ஐந்து ஆறு மணிக்குள் கொடுத்துவிடலாம். ஆர்டருக்கு மட்டும் அரைத்தால் மிஞ்சாது. வெள்ளி, சனி மாலைகளில் கேட்பவர் அதிகமாகவும் வார நடுவில் குறைவாகவும் இருப்பார்கள். எந்தக் கிழமை எத்தனை என்று நோட்டில் குறித்துவையுங்கள். எத்தனை லிட்டர் கிரைண்டர் தேவை என்பதைப் பின்னால் அந்த நோட்டு சொல்லும்.

கடையில் போட்டால் என்ன?

மூன்றாம் வாரம் ஒரே ஒரு கடையில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

50 ரூபாய் பாக்கெட்டுக்குக் கடைக்காரர் 8 ரூபாய் எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். உங்களுக்கு 42 வரும். அடக்கவிலை 33 போனால் ஒரு பாக்கெட்டுக்கு 9 ரூபாய் லாபம், பத்து போட்டால் 90 ரூபாய். ஆனால் விற்காத பாக்கெட்டை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கடைக்காரர்கள் வழக்கமாகப் போடும் நிபந்தனை. பத்தில் இரண்டு திரும்பி வந்தது என்றால், எட்டுக்கு 336 ரூபாய் கிடைக்கும். பத்தும் அரைக்க ஆன செலவு 330. மிச்சம் ஆறு ரூபாய். இரண்டே பாக்கெட் நாள் முழுக்க உழைத்த உழைப்பைத் தின்றுவிட்டது. மூன்று வந்தால் கைக்காசு போகும்.

பாக்கெட் ஏன் திரும்புகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கடையின் பிரிட்ஜில் கதவுப் பக்கம் வைத்திருப்பார், அல்லது கரண்ட் போன இரண்டு மணி நேரம் பிரிட்ஜே ஓடியிருக்காது. சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் விடியும்வரைகூடப் பொங்காமல் கிடக்கும். வெயில் காலத்தில் கவரை முட்ட நிரப்பினால் காற்று உப்பி ஓரம் பிரிந்து, பக்கத்துப் பால் பாக்கெட்டின் மேல் வழியும். கடைக்காரர் அதற்கப்புறம் உங்கள் மாவைத் தொட மாட்டார். கவரில் கால் பங்கு இடம் விட்டு ஒட்டுவதும், பொங்குவதற்கு முன்பே குளிரவைத்துக் கொடுப்பதும் இதற்கு வழி. உப்பிய பாக்கெட் கடையிலிருந்து வந்தால் காரணத்தை நோட்டில் எழுதுங்கள். புளிப்பினால் திரும்புகிறதா, வாங்க ஆளில்லாமல் திரும்புகிறதா என்று பிரித்தறிவது முக்கியம். முன்னதைச் சரிசெய்யலாம். பின்னது அந்தக் கடைக்கு வருபவர்கள் ஏற்கெனவே வேறு மாவுக்குப் பழகிவிட்டார்கள் என்று அர்த்தம்.

திரும்பிய மாவைப் புது மாவோடு கலந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அன்றைக்கு வாங்கிய எல்லோருடைய தோசையும் புளிக்கும்.

என் கூலியை எப்படிக் கணக்கிடுவது?

நான்காம் வாரம் புதிதாக எதையும் செய்யாதீர்கள், நேரத்தை மட்டும் அளங்கள். அரிசி களைவது, உளுந்து தள்ளித் தள்ளி அரைப்பது, கல்லைக் கழுவுவது, எடை போட்டு ஒட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் வேலைதான். இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு தடவைக்கு மூன்று கிலோ மாவு. பன்னிரண்டு கிலோ என்றால் நான்கு தடவை, எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் ஆகிறது என்று வைப்போம். நேரடியாக விற்று 12 பாக்கெட்டுக்கு 204 ரூபாய் நின்றால், மணிக்கு 45 ரூபாய். இதை முன்னால் வைத்துக்கொண்டு, இந்தக் கூலிக்கு வேறிடத்தில் வேலைக்குப் போவேனா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்தபடியே வருகிறதே, போதும் என்றால் அதுவும் ஒரு நியாயமான பதில்.

மாத முடிவில் எதை வைத்து முடிவெடுப்பது?

அளவுகோலை முதல் நாளே எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். பின்னால் வளைக்க முடியாது. நான் வைக்கச் சொல்வது மூன்று. அறிமுகமில்லாத வாடிக்கையாளர்களில் பாதிப் பேராவது அடுத்தடுத்த வாரங்களில் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். கடையில் போட்டதில் திரும்பியது பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. உங்கள் மணிக்கூலி நீங்களே ஒப்புக்கொண்ட தொகைக்குக் குறையக் கூடாது.

இவற்றில் ஒன்று சறுக்கினால் அதை மட்டும் மாற்றி இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். கடை சரிப்படவில்லை என்றால் கடையை விட்டு நேரடி ஆர்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். தெரியாதவர்கள் திரும்பி வரவே இல்லை என்றால், நாலாயிரம் ரூபாயோடு விஷயம் முடிந்தது. எண்பதாயிரம் பத்திரமாக இருக்கிறது.

மூன்றும் தேறிவிட்டால் உடனே மிஷினா? அதற்கும் ஒரு கேள்வி பாக்கி. பெரிய கிரைண்டர் உங்கள் நேரத்தைத்தான் மிச்சப்படுத்தும், வாடிக்கையாளரைக் கொண்டுவராது. நாளுக்கு 12 பாக்கெட்தான் போகிறது என்றால், 204 ரூபாய் வீதம் எண்பதாயிரத்தை எடுக்கவே பதின்மூன்று மாதம் ஆகும், அதுவரை உங்கள் கூலி சுழியம். நாளுக்கு 30 போனால் ஐந்தே கால் மாதத்தில் எடுத்துவிடலாம். ஆகவே ஆர்டர் கேட்டும் அரைத்துக் கொடுக்க முடியாமல் "இன்னிக்கு தீர்ந்துடுச்சு" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்பதையும் நோட்டில் குறித்துவாருங்கள். வாரத்தில் நான்கைந்து நாளாவது அப்படி அனுப்பியிருந்தால் மிஷின் வாங்கலாம். அப்போதும் பத்து லிட்டருக்குப் போகாமல், நல்ல நிலையில் உள்ள பழைய ஐந்து லிட்டர் கிரைண்டரில் தொடங்குங்கள். கல்லில் விரிசலும் மோட்டாரில் சூடும் இருக்கிறதா என்று கடையிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.