அப்பத்தாவுக்குக் குளிராதா?

வீட்டில் ஒரு பெரியவர் இறந்த செய்தி வந்த அரைமணி நேரத்தில் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். ஒருவர் ஐஸ் பெட்டிக்குச் சொல்வார், இன்னொருவர் பந்தலுக்கும் நாற்காலிக்கும் ஓடுவார், வெளியூர்ச் சொந்தங்களுக்கு போன் போய்க்கொண்டே இருக்கும். அந்த அவசரத்தில் ஐந்து வயதுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "அப்பத்தா தூங்குறாங்க, சத்தம் போடாம இரு" என்று சொல்லி வருவார்கள். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்ற அன்புதான் காரணம். ஆனால் பயம் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கிவிடக்கூடும்.

ஐந்து வயதுப் பிள்ளை கேட்ட சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூங்கிய அப்பத்தாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால், இரவில் தானும் தூங்கலாமா என்று யோசிக்கும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால், தன்னிடம் சொல்லாமல் ஏன் போனார் என்று கோபப்படும், வாசலில் காத்திருக்கும். சாமி கூட்டிக்கொண்டது என்றால், அடுத்து யாரைக் கூட்டிக்கொள்ளும் என்று பூஜை அறைப் பக்கமே போகத் தயங்கும். இதையெல்லாம் அது வாய்விட்டுச் சொல்லாது. திடீரெனப் படுக்கையை நனைப்பதும், அம்மா குளிக்கப் போனால்கூட கதவருகே நின்று அழுவதும்தான் வெளியே தெரியும்.

மரியா நாகி என்ற உளவியலாளர் ஹங்கேரியில் மூன்று முதல் பத்து வயது வரையிலான 378 குழந்தைகளிடம் மரணம் பற்றிக் கேட்டு, 1948-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பெரும்பாலும் மரணத்தை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோதான் நினைத்தார்கள். போனவர் திரும்பலாம், தூங்கியவர் எழலாம் என்பது அவர்கள் கணக்கு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒரு குழந்தை மரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டியதை மூன்றாகப் பிரித்தார்கள்: இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவர் உடலில் எதுவும் இயங்காது, உயிருள்ள எல்லோருக்கும் இது ஒரு நாள் நேரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த மூன்றும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபடுகின்றன. "தூங்குகிறார்" என்று நாம் சொல்லும்போது, பிள்ளை எந்தத் தவறான எண்ணத்திலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கிறதோ அதற்குள்ளேயே அதைத் திரும்பத் தள்ளுகிறோம்.

மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். பையன் யுகேஜி படிக்கிறான். அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துவிட்டார். சேதியை அவனுக்குச் சொல்ல வேண்டியவர் அம்மா அல்லது அப்பா. கூட்டம் சேருவதற்கு முன்னால், ஓர் அறையில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லலாம். அம்மா அழுதுகொண்டே சொன்னாலும் குற்றமில்லை.

"தங்கம், ஒரு வருத்தமான விஷயம் சொல்லப் போறேன். அப்பத்தா இறந்துட்டாங்க."

"அப்படின்னா?"

"அவங்க உடம்பு வேலை செய்யிறத நிப்பாட்டிருச்சு. இனிமே மூச்சு விடாது, நெஞ்சு துடிக்காது. பேச முடியாது, எந்திரிக்க முடியாது. அவங்களுக்கு வலிக்கவும் செய்யாது."

"ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்கல்ல?"

"போட்டாங்க. தலைக்குள்ள மூளைக்கு ரத்தம் போற குழாய் ஒண்ணு அடைச்சிருச்சு. டாக்டருங்க ரொம்ப முயற்சி பண்ணாங்க, சரி பண்ண முடியல. நமக்குச் சளி, காய்ச்சல் வருதே, அது மாதிரி இல்ல இது. அதுக்கெல்லாம் யாரும் இப்படி இறக்க மாட்டாங்க."

இவ்வளவு போதும். பெரியவர்களைச் 'செத்துவிட்டார்' என்று சொல்ல நமக்கு வாய் வராது, 'தவறிட்டாங்க' என்றால் பிள்ளைக்கு விளங்காது. 'இறந்துட்டாங்க' மரியாதையும் தெளிவும் உள்ள சொல். அடுத்த வரியில் உடம்பைப் பற்றிச் சொல்வது கட்டாயம், ஏனென்றால் அந்தச் சொல்லை அவன் முதன்முறையாகக் கேட்கலாம். நோயைக் குறிப்பாகச் சொல்வதும் அப்படித்தான். வெறுமனே "உடம்பு சரியில்லாம இறந்துட்டாங்க" என்று விட்டால், அடுத்த மாதம் தங்கைக்குக் காய்ச்சல் வரும்போது அவன் நடுங்குவான்.

இதைக் கேட்டதும் அவன் அழலாம். அழாமல் "நான் சைக்கிள் ஓட்டப் போகட்டா?" என்றும் கேட்கலாம். பாசம் இல்லை என்று பொருளில்லை. சின்னப் பிள்ளைகளால் துக்கத்தில் நீண்ட நேரம் இருக்க முடியாது, கொஞ்சம் அழுவார்கள், விளையாடுவார்கள், திரும்ப வந்து கேட்பார்கள். அந்த நேரத்தில் "பாரு, பாட்டி செத்துக் கெடக்கா, இவனுக்கு வெளையாட்டு" என்று எந்த உறவினரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அவன் ஐஸ் பெட்டியைப் பார்ப்பான். கண்ணாடிக்குள் அப்பத்தா, நெற்றியில் விபூதி, மூக்கில் பஞ்சு. "அப்பத்தாவுக்குக் குளிராதா?" என்று கேட்டால், யாரும் அவன் வாயை மூட வேண்டாம். இறந்த உடலுக்கு உணர்வு கிடையாது என்பதை அவன் தானாகவே நெருங்கி வந்து கேட்கிறான். "குளிராதுடா. இறந்தவங்க உடம்புக்குக் குளிரு, சூடு, பசி எதுவும் தெரியாது. உறவுக்காரங்க வந்து பாக்குற வரைக்கும் உடம்பு கெடாம இருக்க இதுல வச்சிருக்கோம்." மூக்கில் பஞ்சு ஏன் என்று கேட்டால் அதற்கும் இதே நிதானத்தில் பதில் சொல்லலாம். பிறகு சுடுகாட்டைப் பற்றிக் கேட்கும்போது, நெருப்பு அப்பத்தாவைச் சுடாதா என்ற பயத்துக்கும் இந்தப் பதில்தான் அடித்தளம். உடம்புக்கு வலி தெரியாது என்று முதலிலேயே புரியவைக்காமல் தகனத்தைப் பற்றிச் சொன்னால், அது கொடுங்கனவாகிவிடும்.

சாவு வீட்டில் பிள்ளை இருக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இருக்கலாம், ஆனால் என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுவார், கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், அப்பா மொட்டை போட்டுக்கொள்வார். சொல்லாமல் விட்டால், மொட்டைத் தலையோடு வரும் அப்பாவே அந்நியராகத் தெரிவார். நம் பக்கம் பல சமூகங்களில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் வழக்கம் உண்டு. பிடிக்க விரும்புகிற பிள்ளைக்கு அது நல்ல விடை கொடுத்தல், தனக்கும் ஒரு பங்கு இருந்தது என்று பின்னாளில் நினைத்துக்கொள்ளும். பயந்து பின்வாங்கும் பிள்ளையின் கையில் பந்தத்தைத் திணிப்பதும், காலைத் தொட்டுக் கும்பிடச் சொல்லித் தூக்கிப் பிடிப்பதும் கொடுமை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அன்று முழுவதும் அவனை மட்டும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், சித்தியோ மாமாவோ. பெற்றோரால் அன்றைக்கு அது முடியாது.

வந்தவர்கள் பேசுவதுதான் காக்க முடியாத இடம். "இவ பொறந்த நேரந்தான் பாட்டிக்கு ஆகல" என்று தொட்டில் பிள்ளையைப் பற்றிச் சொல்வதை அண்ணன்காரன் கேட்டுக்கொண்டிருப்பான். "நீ சொன்ன பேச்சக் கேட்டியா? அதான் அப்பத்தா போயிட்டாங்க" என்று விளையாட்டாகச் சொல்பவர்களும் உண்டு. இந்த வயதுப் பிள்ளைகள், தாங்கள் நினைத்ததும் சொன்னதும் உலகில் நடந்துவிடும் என்று நம்புகிறவர்கள். போன வாரம் மாத்திரை டப்பாவை எடுத்து விளையாடி அப்பத்தாவிடம் திட்டு வாங்கி, "போ, உன்கூட டூ" என்று கத்தியிருப்பான். தன்னால்தான் ஆனது என்று ரகசியமாக நம்புவான், யாரிடமும் கேட்கமாட்டான். அதனால் அவன் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்: "நீ செஞ்சதாலயோ, சொன்னதாலயோ, நெனச்சதாலயோ அப்பத்தா இறக்கல. தலைக்குள்ள குழாய் அடைச்சதாலதான் இறந்தாங்க." ஒரு முறை போதாது. கருமாதி முடியும் வரை இரண்டு மூன்று தடவையாவது சொல்ல வேண்டும்.

கருமாதி என்றதும் இன்னொரு கேள்வி வரும். இலையில் அப்பத்தாவுக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கும்போது அவன் மடக்குவான்: "பசிக்காதுன்னு சொன்னீங்கல்ல?" நியாயமான கேள்வி. "ஆமா, உடம்புக்குப் பசிக்காது. அப்பத்தாவ நெனச்சு, அவங்க மேல இருக்குற அன்ப இப்படிக் காட்டுறோம்" என்று சொல்லலாம். சாமியிடம் இருக்கிறார், நம்மைப் பார்த்துக்கொள்கிறார் என்று நம்பும் குடும்பம் அதையும் சொல்லலாம், அது பொய் இல்லை. ஆனால் உடம்பைப் பற்றிய உண்மை முதலில் வரட்டும், நம்பிக்கை அடுத்து, "நாங்க அப்படி நம்புறோம்" என்ற சொற்களோடு வரட்டும். வரிசை மாறினால், சாமியிடம் போன் பண்ணி அப்பத்தாவை அனுப்பச் சொல்லும்படி அவன் கேட்பான்.

ஒரு நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு: "அம்மா, நீயும் இறந்துருவியா?" இதற்கு "மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க நெஞ்சு துடிக்கும். கொடுக்காதீர்கள். அவன் கேட்பது தத்துவம் அல்ல, தன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. "எல்லாரும் ஒரு நாள் இறப்பாங்க கண்ணு. முக்காவாசிப் பேரு ரொம்ப வயசானப்புறந்தான். நீ பெரியவனாகிற வரைக்கும் நான் இருப்பேன்னுதான் நினைக்கிறேன். உன்னப் பாத்துக்க அப்பா இருக்காரு, சித்தி இருக்கா, தாத்தா இருக்காரு." பெயர் சொல்லி அடுக்குவதில்தான் அவனுக்கு ஆறுதல்.

இத்தனையும் சொன்ன பிறகும் அடுத்த வாரம் அவன், "அப்பத்தா எப்ப வருவாங்க?" என்பான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982-இல் இறந்தார். அவர் ஊர் மாறிவிட்டதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல், 1983 நவம்பரில் அந்தப் பாத்திரம் இறந்துவிட்டதாகவே காட்டினார்கள். அதில் 'பிக் பேர்ட்' என்ற பெரிய மஞ்சள் பறவை, தான் வரைந்த படத்தை ஹூப்பர் திரும்பி வந்ததும் கொடுப்பதாகச் சொல்லும். பெரியவர்கள் பொறுமையாக, அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று மறுபடியும் சொல்வார்கள். நம் வீட்டிலும் அதே பதிலை அதே சொற்களில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கேட்பது மறதியால் அல்ல, பதில் மாறுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறான்.

பொம்மையைப் படுக்க வைத்துச் சாவு விளையாட்டு விளையாடினால் தடுக்க வேண்டாம், கேட்டதை அவன் அப்படித்தான் அடுக்கிக்கொள்கிறான். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. படுக்கை நனைப்பது, வயிற்றுவலி, ஒட்டிக்கொள்வது எல்லாம் சில வாரங்களில் குறையும். மாதங்கள் கடந்தும் தூக்கமும் சாப்பாடும் சீராகவில்லை, விளையாட்டே நின்றுபோனது, "நானும் அப்பத்தாகிட்டப் போறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்றால், குழந்தை மருத்துவரிடமோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்ட வேண்டும். முதலில் அவனிடமே, "அப்பத்தாவப் பாக்கணும் போல இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சுக்குப் பொருள் அவ்வளவுதான். வழி தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

எட்டு, ஒன்பது வயதில் ஒரு திதி நாளில் அவன் மறுபடியும் கேட்பான், இந்த முறை வேறு மாதிரி: அந்தக் குழாய் எப்படி அடைத்தது, சீக்கிரம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா? ஐந்து வயதில் சொன்ன பதில் உண்மையாக இருந்திருந்தால், அதைத் திருத்த வேண்டியிருக்காது. விட்ட இடத்திலிருந்து மேலே சொல்லலாம்.