விற்காத பீரோ எந்தக் கணக்கில்?

ஒரு ஸ்டீல் பர்னிச்சர் கடையை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் வரிசையாக விற்பனைக்கு நிற்கும் பீரோக்கள். உள்ளே கல்லாவுக்குப் பின்னால் இன்னொரு பீரோ. அதில் முதலாளி பணத்தையும் பில் புத்தகங்களையும் வைத்துப் பூட்டுகிறார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே லாரியில் வந்து இறங்கியவை. ஆனால் கணக்கில் முன்பக்கத்துப் பீரோ நடப்புச் சொத்து, உள்ளே இருப்பது நிலைச் சொத்து.

நடப்புச் சொத்து என்றால் எளிதில் தூக்கிக்கொண்டு போகக்கூடியது என்று சில மாணவர்கள் எழுதுகிறார்கள். அப்படியானால் இரண்டு பீரோவும் ஒரே வகையில்தான் வரவேண்டும். ஒரு பொருள் எந்த வகை என்பதை முடிவு செய்வது அதன் எடையோ உருவமோ அல்ல. வியாபாரி அதை எதற்காக வாங்கினார் என்பதுதான். உள்ளே இருக்கும் பீரோ பல வருடம் உழைப்பதற்காக வாங்கியது. முன்பக்கத்துப் பீரோ போவதற்காகவே வந்தது. ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்குகிறார். சரக்கு விற்று ரொக்கமாகிறது, அல்லது கடனுக்குப் போய்க் கடனாளியிடமிருந்து ரொக்கமாகத் திரும்புகிறது. இந்த ஒரு சுற்றுக்கு இயக்கச் சுழற்சி என்று பெயர். அந்தச் சுற்றுக்குள் பணமாக மாறவேண்டியதெல்லாம் நடப்புச் சொத்து.

அப்படியானால் 14 மாதமாக விற்காமல் நிற்கும் பீரோ? பன்னிரண்டு மாதம் தாண்டிவிட்டது, நிலைச் சொத்துக்கு மாற்றவேண்டுமா என்று கேட்கத் தோன்றும். வேண்டியதில்லை. நம் நாட்டில் 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இயல்பான இயக்கச் சுழற்சிக்குள் விற்பதற்காக வைத்திருப்பதை நடப்புச் சொத்து என்கிறது. பன்னிரண்டு மாதக் கணக்கு தனியான இன்னொரு அளவுகோல். இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். அடுக்குமாடி கட்டி விற்கும் நிறுவனத்துக்கு ஒரு சுற்று முடிய மூன்று வருடம்கூட ஆகலாம். அங்கே விற்காத வீடுகளும் சரக்கிருப்புதான். நாள்பட்ட பீரோவின் வகை மாறுவதில்லை, மதிப்புதான் மாறக்கூடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி கடையின் வருடக் கணக்கு. ஏப்ரல் 1 அன்று கடையில் இருந்தவை 20 பீரோ. லாரி வாடகையும் சேர்த்து ஒன்றின் அடக்க விலை ரூ.10,000, ஆக தொடக்கச் சரக்கிருப்பு ரூ.2,00,000. வருடத்தில் அதே அடக்கத்தில் இன்னும் 90 பீரோ வாங்கினார், கொள்முதல் ரூ.9,00,000. விற்றவை 80, ஒன்று ரூ.15,000 வீதம், விற்பனை ரூ.12,00,000. மார்ச் 31 மாலை கடையை மூடிவிட்டு எண்ணினால் 30 பீரோ நிற்கவேண்டும்.

எண்ணித்தான் பார்க்கவேண்டும். ஏனென்றால் பேரேட்டில் எந்தக் கணக்கும் இந்த 30ஐச் சொல்லாது. வாங்கியது கொள்முதல் கணக்கில் முழுதாக ஏறியிருக்கிறது. விற்றது விற்பனைக் கணக்கில் விற்ற விலைக்கு ஏறியிருக்கிறது. மீதி எவ்வளவு என்று சொல்ல இரண்டுக்கும் தெரியாது. இறுதிச் சரக்கிருப்பு வழக்கமாக இருப்பாய்வுக்குள் இல்லாமல், அதற்குக் கீழே சரிக்கட்டுதலாக வருவதன் காரணம் இதுதான்.

எண்ணும்போது நான்கு பீரோக்களில் ஒடுக்கு விழுந்திருப்பது தெரிகிறது. பெயின்ட் அடித்து, வீடு சேர்க்கும் செலவு தலைக்கு ரூ.500, அதற்குப் பிறகு ரூ.8,000க்குத்தான் போகும். கையில் நிற்பது ரூ.7,500. அடக்க விலை, விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதில்தான் சரக்கை மதிப்பிடவேண்டும். ஆக 26 பீரோ ரூ.2,60,000, நான்கு பீரோ ரூ.30,000, மொத்தம் ரூ.2,90,000. நல்ல பீரோவை ஏன் ரூ.15,000க்கு எடுக்கக்கூடாது? எடுத்தால், இன்னும் வாடிக்கையாளரே வராத பீரோவில் ரூ.5,000 லாபம் சம்பாதித்துவிட்டதாக ஆகிவிடும். வரக்கூடிய நட்டத்தை இப்போதே ஏற்கவேண்டும். வராத லாபத்தை எடுக்கக்கூடாது.

மதிப்பு கிடைத்தபின் போடவேண்டிய சரிக்கட்டுப் பதிவு ஒன்றே:

இறுதிச் சரக்கிருப்பு க/கு – பற்று ரூ.2,90,000
வியாபாரக் க/கு – வரவு ரூ.2,90,000

வரவுக் கால் வியாபாரக் கணக்குக்குப் போகிறது. அங்கே பற்றுப் பக்கம் தொடக்க இருப்பும் கொள்முதலும் சேர்ந்து ரூ.11,00,000; வரவுப் பக்கம் விற்பனையும் இறுதி இருப்பும் சேர்ந்து ரூ.14,90,000. மொத்த லாபம் ரூ.3,90,000. கையால் சரிபார்த்துக்கொள்ளலாம்: 80 பீரோவில் தலைக்கு ரூ.5,000 என்றால் ரூ.4,00,000, ஒடுக்கு விழுந்த நான்கில் தலா ரூ.2,500 போனால் அதே தொகை. பற்றுக் கால் எங்கும் மூடப்படாமல் பற்று இருப்பாக நிற்கிறது. அதுதான் சொத்துகள் பக்கத்தில் நடப்புச் சொத்துகள் தலைப்பின் கீழ் வந்து உட்காருகிறது. கம்பெனியாக இருந்தால் நடப்புச் சொத்துகளுக்குள் சரக்கிருப்பு என்ற தனி வரியில் வரும். தொடக்கச் சரக்கிருப்புக்கு இங்கே வேலை இல்லை. அது வியாபாரக் கணக்கோடு முடிந்துவிட்டது.

வினாவில் தொகை இருப்பாய்வுக்குள்ளேயே இருந்தால் கதை வேறு. அப்போது சரிக்கட்டுதலைக் கொள்முதலிலேயே செய்து முடித்துவிட்டார்கள் என்று பொருள். நம் கடையில் ரூ.9,00,000க்குப் பதில் சரிக்கட்டப்பட்ட கொள்முதல் ரூ.8,10,000 என்று இருக்கும். தொடக்க இருப்பு தனியாக இருக்காது. இறுதி இருப்பை இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் காட்டவேண்டும். மறுபடி வியாபாரக் கணக்கிலும் எழுதினால் லாபம் ரூ.2,90,000 கூடிவிடும்.

தவறு எங்கே என்பதை வித்தியாசமே காட்டிக்கொடுக்கும். வியாபாரக் கணக்கில் எழுதிவிட்டு இருப்புநிலைக் குறிப்பில் விட்டால் சொத்துப் பக்கம் சரியாக ரூ.2,90,000 குறையும், அங்கே எழுதி இங்கே விட்டால் அதே தொகை கூடும். மோசமானது மூன்றாவது வகை. இரண்டிலும் விட்டுவிட்டால் இருபக்கமும் அழகாகச் சமமாகிவிடும், லாபம் மட்டும் ரூ.2,90,000 குறைவாக இருக்கும். சரக்கை விற்கும் விலைக்கு மதிப்பிட்டாலும் அப்படித்தான், பக்கங்கள் சமமாகவே இருக்கும். அந்தப் பொய் லாபம் அடுத்த வருடம் தொடக்கச் சரக்கிருப்பாக வந்து, அந்த வருட லாபத்தை அதே அளவு குறைக்கும். என் கருத்தில், பக்கங்கள் சமமானதை மட்டும் பார்த்துப் பேனாவை மூடுகிறவர்கள்தான் இந்தக் கணக்கில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஆகவே தேர்வில் கணக்கைத் தொடங்கும் முன், இறுதிச் சரக்கிருப்பு இருப்பாய்வுக்குள் இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீழே இருந்தால் இரண்டு இடம், உள்ளே இருந்தால் ஒரே இடம். அடக்க விலை, சந்தை விலை என இரண்டு தொகை கொடுத்திருந்தால் குறைந்ததை வட்டமிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.