முப்பது விநாடி கழித்து அதே செய்தி

இணையக் கடையில் ஆர்டர் கொடுத்ததும் 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று எஸ்எம்எஸ் வருகிறது. ஆர்டரை வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டரே பெரும்பாலும் அதை அனுப்புவதில்லை. 'இந்த ஆர்டருக்கு எஸ்எம்எஸ் அனுப்பு' என்று ஒரு குறிப்பை மெசேஜ் கியூவில் போட்டுவிட்டு அது அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடும். பின்னணியில் ஓடும் வேறொரு புரோகிராம் அந்தக் குறிப்பை எடுத்து வேலையை முடிக்கும்.

இத்தகைய கியூக்களில் பலராலும் பயன்படுத்தப்படுவது அமேசானின் எஸ்க்யூஎஸ். அதன் சாதாரண வகைக் கியூ ஒவ்வொரு செய்தியையும் 'குறைந்தது ஒரு முறை' கொடுக்கும் என்கிறது அமேசான். அப்படியென்றால் ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். இதை ஏதோ வக்கீல் எழுதிவைத்த தற்காப்பு வாசகமாக எண்ணிக் கடந்துபோகும் புரோகிராமர்கள் உண்டு. சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கியூவின் முகவரியை `Q` என்ற பெயரில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு செய்தியைப் போட்டு, அதை எடுக்க வேண்டும்:

```
aws sqs send-message --queue-url $Q --message-body "order-417"
aws sqs receive-message --queue-url $Q --attribute-names All --wait-time-seconds 10
```

செய்தி வருகிறது. கூடவே `MessageId` என்ற அடையாள எண், `ReceiptHandle` என்ற நீண்ட ரசீது, `ApproximateReceiveCount` என்பதில் 1. உடனே இன்னொரு முறை கேட்டால் பொதுவாக எதுவும் வராது. அரை நிமிடம் பொறுத்துக் கேட்டால் அதே order-417 மறுபடி வந்து நிற்கும். `MessageId` மாறியிருக்காது. ரசீது மட்டும் புதிது. எண்ணிக்கை 2 ஆகியிருக்கும்.

காரணம் இதுதான். செய்தியை எடுத்தாலும் அது கியூவை விட்டுப் போவதில்லை. குறிப்பிட்ட நேரம் மற்றவர் கண்ணுக்குப் படாமல் மறைந்திருக்கிறது, அவ்வளவே. நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்த நேரம் 30 விநாடி. அதற்குள், வேலை முடிந்தது என்று சொல்லும் விதமாக, ரசீதைக் காட்டிச் செய்தியை நீக்க வேண்டும். நீக்காவிட்டால், எடுத்த புரோகிராம் செத்துவிட்டது என்று கொண்டு கியூ அதை வேறொருவருக்குக் கொடுக்கும். எஸ்எம்எஸ் அனுப்பும் முன்பே புரோகிராம் நின்றுபோனதா, அனுப்பிவிட்டு நீக்கும் முன் நின்றதா என்று கியூவுக்குத் தெரிய வழியே இல்லை. தெரியாத நிலையில், செய்தி தொலைவதைவிட இரண்டாம் முறை போவது மேல் என்பது இந்த வடிவமைப்பின் முடிவு.

புரோகிராம் சாகவே வேண்டாம், மெதுவாக ஓடினாலே போதும். 'அ' என்ற புரோகிராம் செய்தியை எடுக்கிறது. எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வர் அன்று மந்தம், வேலை முடிய 40 விநாடி ஆகிறது. 30ஆவது விநாடியில் செய்தி மறுபடி தலைகாட்ட, 'ஆ' அதை எடுத்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. 40ஆவது விநாடியில் 'அ' தன் பழைய ரசீதைக் காட்டி நீக்கச் சொல்கிறது. 'சரி' என்றே பதில் வரும். ஆனால் ரசீது காலாவதியானதால் செய்தி நீங்காமலே இருக்கலாம். வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போகிறது, 'அ'வின் பதிவேட்டிலோ ஒரு பிழையும் இல்லை. கடுப்பேற்றும் இடம் இதுதான்.

நம் பக்கம் தவறே இல்லாமலும் இது நேரலாம். எஸ்க்யூஎஸ் ஒவ்வொரு செய்தியின் நகலையும் பல சர்வர்களில் வைக்கிறது. நாம் நீக்கும் நேரத்தில் ஒரு சர்வர் எட்டாத நிலையில் இருந்தால், அதிலுள்ள நகல் தப்பிப் பிழைத்துப் பிறகு நம்மிடம் வரும். இது அபூர்வம், வேண்டும்போது வரவழைத்துக் காட்ட முடியாது. ஆகவே மேற்படி சோதனையை நூறு முறை செய்து, ஒழுங்காக நீக்கியபின் எதுவும் திரும்ப வரவில்லை என்றாலும், வரவே வராது என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இரட்டையாக வருவதெல்லாம் கியூவின் வேலையல்ல. போடும் பக்கத்தில் நெட்வொர்க் தடுமாறி, பதில் வராததால் அதே குறிப்பை இரண்டு முறை போட்டிருக்கலாம். அப்போது உள்ளடக்கம் ஒன்றாகவும் `MessageId` வெவ்வேறாகவும் இருக்கும். பழியை யார் மேல் போடுவது என்பதற்கு இந்த ஒரு எண்ணே சாட்சி. அதைப் பதிவேட்டில் எழுதாத புரோகிராமை வைத்துக்கொண்டு விசாரிப்பது வீண்.

மறைவு நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டலாம். ஆனால் நீட்டினால், புரோகிராம் உண்மையாகவே செத்தபோது செய்தி அவ்வளவு நேரம் முடங்கிக் கிடக்கும். உருப்படியான வழி, வேலையைத் தொடங்குமுன் ஆர்டர் எண்ணை டேட்டாபேஸில் எழுதுவது. அந்த எண் ஒரு முறைதான் இடம்பெறலாம் என்று விதித்துவிட்டால், இரண்டாவதாக வருபவர் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார். இதிலும் ஓட்டை உண்டு: எண்ணை எழுதியதும் புரோகிராம் நின்றுவிட்டால் எஸ்எம்எஸ் போகவே போகாது. அனுப்பியபின் எழுதலாம் என்றால் பழைய சிக்கல் திரும்பும்.

'ஃபைஃபோ' வகைக் கியூ இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஒரே அடையாளத்தோடு 5 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை போடப்பட்டதை அது வடிகட்டிவிடும், உண்மைதான். ஆனால் அங்கும் எடுத்த செய்தியை மறைவு நேரத்துக்குள் நீக்காவிட்டால், அதே செய்தி மீண்டும் வரும்.